தமிழும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் பேச்சுக்குக் கேப்ஷன் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கடன் பற்றி ஒரு வங்கி அதிகாரி பேசும் வீடியோவை எடுத்துக்கொள்வோம். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ஒருவர் கேமரா முன்னால் இயல்பாகப் பேசினால் இப்படித்தான் பேசுவார்:

"இப்ப நீங்க வந்து ஹோம் லோன் அப்ளை பண்றீங்கன்னா, ஃபர்ஸ்ட் உங்க சிபில் ஸ்கோர் என்னன்னு செக் பண்ணிக்கோங்க, பிகாஸ் அது செவன் ஃபிஃப்டிக்கு கீழ இருந்தா, இன்ட்ரஸ்ட் ரேட் வந்து கொஞ்சம் அதிகமாத்தான் போடுவாங்க."

காதால் கேட்கும்போது இதில் எந்தச் சிக்கலும் இல்லை. இதையே திரையின் அடியில் இரண்டிரண்டு வரியாக, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நொடி மட்டும் நிற்கும்படி எழுத உட்கார்ந்தால்தான் கேள்விகள் வரும். 'லோன்' தமிழ் எழுத்திலா, ஆங்கில எழுத்திலா? 'பண்றீங்கன்னா' என்று எழுதலாமா? வரியை எங்கே உடைப்பது? இந்த ஒரு வாக்கியத்தைக் கடைசி வரை கொண்டுபோய் இவற்றுக்குப் பதில் தேடுவோம்.

முதலில் அந்த வாக்கியத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். எலும்புக்கூடு முழுக்கத் தமிழ். வினைமுற்று, வேற்றுமை உருபு, 'ன்னா', 'இருந்தா' எல்லாமே தமிழ். ஆங்கிலம் வருவது மூன்று இடங்களில்தான்: 'ஹோம் லோன்' மாதிரியான பெயர்கள், 'பண்ணு'வுக்கு முன்னால் நிற்கும் 'அப்ளை', 'செக்' மாதிரியான சொற்கள், 'பிகாஸ்', 'ஃபர்ஸ்ட்' மாதிரியான தொடக்கச் சொற்கள். ஆகவே இது ஆங்கிலச் சொற்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழ் வாக்கியம். அடுத்து எடுக்கப்போகும் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை இதுதான்.

பேசியதை எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள்

'செக் பண்ணிக்கோங்க' என்பதைச் 'சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று மாற்றும் ஆசை பலருக்கு வரும். தமிழ்மீது உள்ள அக்கறையில் வரும் ஆசைதான். ஆனால் கேப்ஷனை நம்பியிருப்பவர்களில் பலருக்குக் கொஞ்சமாவது காது கேட்கும். காதுகேட்கும் கருவி போட்டிருப்பார்கள், பேசுபவரின் உதட்டையும் பார்ப்பார்கள். காதில் அரைகுறையாக விழுவதையும் உதட்டசைவையும் கேப்ஷனோடு பொருத்தித்தான் பேச்சைப் பிடிக்கிறார்கள். உதடு 'செக்' என்று சொல்ல, எழுத்து 'சரிபார்த்து' என்று சொன்னால் இரண்டும் ஒட்டாது. மூன்று நொடிக்குள் அந்த முரண்பாட்டை அவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பேச்சு வடிவத்தையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். 'பண்றீங்க', 'இருக்கு', 'வர்றாங்க' எல்லாம் இன்று எல்லோரும் வாட்ஸ்அப்பில் படித்துப் பழகிய வடிவங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துமுறை இருக்க வேண்டும். ஒரு வரியில் 'வங்கில', அடுத்த வரியில் 'வங்கியிலே', அப்புறம் 'வங்கியில்' என்று போனால் படிப்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கிறார். 'பண்றீங்க'வில் மூன்று சுழி ண வருகிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். 'பன்றீங்க' என்று இரண்டு சுழியில் எழுதினால் கண் அதைப் பன்றி என்றுதான் முதலில் பிடிக்கும். இணையத்தில் அடிக்கடி பார்க்கிற பிழை இது.

ஓர் இடத்தில் மட்டும் நான் பேச்சை விட்டு எழுத்து வடிவத்துக்குப் போவேன். பேச்சில் 'ஐ' உருபு தேய்ந்து 'ஸ்கோர பாருங்க' என்று ஒலிக்கும். அதை அப்படியே எழுதினால் பாதியில் நின்ற சொல் மாதிரித் தெரியும். 'ஸ்கோரைப் பாருங்க' என்று எழுதினால் யாருக்கும் தடுக்காது, ஒலியும் பெரிதாக விலகவில்லை. ஆங்கிலச் சொல்லோடு உருபு சேரும்போது இந்த ஐகாரம் இன்னும் உதவும், சொல் எங்கே முடிகிறது என்பதைக் காட்டிவிடும்.

எந்த எழுத்தில் எழுதுவது

பலர் செய்வது இது:

```
இப்ப நீங்க வந்து home loan apply
பண்றீங்கன்னா first உங்க CIBIL score
என்னன்னு check பண்ணிக்கோங்க because
```

இந்த மூன்று வரிக்குள் எழுத்து ஒன்பது முறை மாறுகிறது. இரண்டு எழுத்தையும் சரளமாகப் படிப்பவருக்குக்கூட ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சின்னத் தடை உண்டு. தமிழ் மட்டும் சரளமாகப் படிப்பவர் நிலைமை இன்னும் கஷ்டம். 'லோன்', 'செக்' இரண்டையும் தினமும் பேசுகிறவர்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் பார்த்தால் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வேண்டும். வீட்டுக் கடன் வீடியோ அவருக்கும் சேர்த்துத்தானே?

அதனால் என் முடிவு இதுதான்: தமிழ் வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலச் சொல் எல்லாம் தமிழ் எழுத்தில். உருபு ஒட்டுவதும் சுலபமாகிவிடும். 'லோனுக்கு', 'லோன்ல', 'லோனை' என்று இழைந்து வரும், நடுவில் கோடு போட வேண்டியதில்லை. ஆங்கிலப் பன்மையைப் பேசியபடியே விடுங்கள், 'டாக்குமெண்ட்ஸை', 'பேப்பர்ஸ்ல' என்று. ஆனால் 'டாக்குமெண்ட்ஸ்லாம்' மாதிரி இரண்டு சொல் நெருங்கி ஒன்றானால் பிரித்து 'டாக்குமெண்ட்ஸ் எல்லாம்' என்று எழுதுங்கள். நீளமாகக் கோத்த சொல்லைத் திரையில் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது.

முக்கியமான விதிவிலக்கு இரண்டு. ஒன்று, பார்ப்பவர் திரையில் தேடவேண்டிய அல்லது தட்டச்சு செய்யவேண்டிய பெயர். 'கடைசியா சப்மிட் பட்டனை அழுத்துங்க' என்று அவர் சொல்லும்போது அந்தப் பக்கத்தில் இருப்பது `Submit` என்றால், கேப்ஷனிலும் `Submit` என்றே இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்துத்தானே தேடப்போகிறார். இணைய முகவரியும் கோப்பின் பெயரும் இதே வகை. இரண்டாவது விதிவிலக்கு முழு ஆங்கில வாக்கியம், அதைப் பிறகு பார்ப்போம்.

சுருக்கெழுத்துகளில் தடுமாற்றம் வரும். நாளிதழ் தமிழில் அச்சிட்டுப் பழக்கியிருந்தால் தமிழிலேயே எழுதுங்கள்: ஏடிஎம், எஸ்எம்எஸ், ஜிஎஸ்டி, இஎம்ஐ. 'சிபில் ஸ்கோர்' கூட இப்போது செய்தித்தாளிலேயே தமிழில் வருகிறது. பழகாத சுருக்கமாக இருந்தால் ஆங்கில எழுத்தில் போட்டு, உருபுக்கு முன் ஒரு சிறு கோடு போட்டால் போதும்.

தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஓர் இழப்பு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நம் எழுத்து வல்லோசையையும் மெல்லோசையையும் பிரித்துக் காட்டாது. கடைக்காரர் கொடுக்கும் ரசீதான பில்லும் டாக்டர் கொடுக்கும் மாத்திரையான பில்லும் ஒரே மாதிரித்தான் இருக்கும். 'கோல்டு லோன்' என்றால் நகைக் கடன், 'கோல்டு காஃபி' என்றால் குளிர்ந்த காபி, எழுத்து ஒன்றுதான். நூற்றுக்குப் பெரும்பகுதி இடங்களில் பக்கத்துச் சொல் காப்பாற்றிவிடும். காப்பாற்றாத இடத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கேப்ஷனை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள், முந்தையதும் அடுத்ததும் இல்லாமல். பொருள் இரண்டாகத் தெரிந்தால், விளக்கும் பக்கத்துச் சொல்லையும் அதே கேப்ஷனுக்குள் கொண்டுவருவது முதல் வழி. முடியாவிட்டால் அந்த ஒரு சொல்லை ஆங்கில எழுத்தில் விடலாம். ஃப எழுத்தைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். 'ஃபைன்' என்று எழுதினால் 'பைன்' மரமா என்ற சந்தேகமே வராது.

சொல் பட்டியல்: வேலை தொடங்கும் முன்

வீடியோவை ஒருமுறை முழுக்கக் கேட்டு, அதில் வரும் ஆங்கிலச் சொற்களை ஒரு தாளிலோ ஸ்ப்ரெட்ஷீட்டிலோ எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்துமுறையை இப்போதே முடிவுசெய்யுங்கள். 'இன்ட்ரஸ்ட்'டா, 'இன்ட்ரெஸ்ட்'டா, 'இண்ட்ரஸ்ட்'டா? மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன, மூன்றும் தவறல்ல. ஆனால் ஒரே வீடியோவில் மூன்றும் வரக்கூடாது. அதே சொல் நாற்பது முறை வரும் வீடியோவில், முதல் இரண்டு முறைக்குப் பிறகு பார்ப்பவர் எழுத்துக்கூட்டாமல் சொல்லின் உருவத்தையே பார்த்துப் பிடித்துக்கொள்வார். உருவம் மாறிக்கொண்டே இருந்தால் அந்த வசதி போய்விடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஆங்கில அகராதியின் உச்சரிப்பைத் தேடிப் போகாதீர்கள். நம்மவர்கள் சொல்கிறபடியும் நாளிதழில் அச்சாகிறபடியும் எழுதுங்கள். 'கார்டு', 'போர்டு' மாதிரி வல்லின மெய்யில் முடியும் சொற்கள் தமிழில் உகரத்தோடுதான் படிக்கச் சுலபம், உருபும் இயல்பாகச் சேரும்: கார்டை, கார்டுக்கு.

பட்டியல் போடும்போதே யாருக்காக என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 'டொராண்டோ' என்று எழுதும் ஊரை ஈழத்தமிழர்கள் 'ரொறன்ரோ' என்று எழுதுவார்கள். ஆங்கில `t` ஒலிக்கு அங்கே ரகர றகரம் போடுவது நெடுநாள் வழக்கம். யாழ்ப்பாணத்துக்காரர் பேசும் வீடியோவுக்கு, அவர் ஊர்க்காரர்கள் பார்க்கும் வீடியோவுக்கு, அவர்கள் முறையில் எழுதுவதுதான் சரி. அப்படியானால் அந்த வழக்கத்தில் எழுதிப் பழகிய ஒருவரிடம் பட்டியலைக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வரியை உடைக்கும் இடம்

படிக்க முடிவதும் முடியாததும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. கலந்த பேச்சில் பிரிக்கவே கூடாத இரண்டு ஜோடிகள் உண்டு. 'அப்ளை பண்றீங்கன்னா', 'செக் பண்ணிக்கோங்க' போன்றவை இரண்டு மொழியில் இருந்தாலும் ஒரே வினை. முதல் வரி 'அப்ளை' என்று முடிந்து அடுத்த வரி 'பண்றீங்கன்னா' என்று தொடங்கினால், கண் அந்த வினையை இரண்டாக வாங்கி ஒட்டவேண்டியிருக்கிறது. அதுபோல 'ஹோம் லோன்', 'சிபில் ஸ்கோர்', 'இன்ட்ரஸ்ட் ரேட்' எல்லாம் இரண்டு சொல்லாக எழுதினாலும் ஒரே பெயர்.

சரி, உடைக்கத் தகுந்த இடம் எது? தமிழ் தன் இணைப்பைச் சொல்லின் பின்னால் வைக்கிறது: பண்றீங்க'ன்னா', இருந்'தா', செஞ்சி'ட்டு'. ஆகவே இவற்றை அடுத்து உடைக்கலாம். ஆங்கில இணைப்பு முன்னால் நிற்கும்: 'பிகாஸ்', 'ஸோ', 'பட்'. ஆகவே இவற்றுக்கு முன்னால் உடைக்க வேண்டும், இவை அடுத்த கேப்ஷனின் முதல் சொல்லாக வரவேண்டும். மேலே காட்டிய மோசமான உதாரணத்தில் மூன்றாவது வரி 'பிகாஸ்' என்று முடிந்து தொங்குகிறது பாருங்கள். ஏதோ காரணம் சொல்லப்போகிறார் என்று நிமிர்வதற்குள் எழுத்து மறைந்துவிடும்.

நம் வாக்கியத்தை இப்படி எழுதலாம்:

```
1
00:00:04,000 --> 00:00:06,600
இப்ப நீங்க ஹோம் லோன்
அப்ளை பண்றீங்கன்னா,

2
00:00:06,600 --> 00:00:09,400
ஃபர்ஸ்ட் உங்க சிபில் ஸ்கோர்
என்னன்னு செக் பண்ணிக்கோங்க.

3
00:00:09,500 --> 00:00:11,700
பிகாஸ், அது 750-க்கு
கீழ இருந்தா,

4
00:00:11,700 --> 00:00:14,500
இன்ட்ரஸ்ட் ரேட் கொஞ்சம்
அதிகமாத்தான் போடுவாங்க.
```

ஒவ்வொரு கேப்ஷனும் ஒரு முழு எண்ணத்தோடு முடிகிறது. இரண்டாவதன் முடிவில் அவர் முற்றுப்புள்ளி வைத்துப் பேசவில்லை, மூச்சு விடாமல் 'பிகாஸ்'ஸுக்குப் போனார். நான்தான் புள்ளி வைத்தேன். ஒரே மூச்சில் நாலைந்து வாக்கியத்தைக் கோத்துப் பேசுவது எல்லோருக்கும் வழக்கம். சொற்களை மாற்றாமல் நிறுத்தக்குறியை மட்டும் வைப்பது கேப்ஷன் எழுதுபவரின் உரிமை.

இரண்டு இடத்தில் 'வந்து' போய்விட்டது. எங்கும் வராத 'வந்து' அது, பேச்சு ஓட்டத்துக்காக வருவது. 'பேஸிக்கலி', 'யூ நோ', 'லைக்' எல்லாம் இதே இனம். நேரம் நெருக்கும்போது முதலில் விடவேண்டியவை இவைதான். ஆனால் பேசுபவர் பதில் சொல்லத் தயங்கி, 'வந்து... ஆக்சுவலி...' என்று இழுத்தால் அங்கே அந்தத் தயக்கமே செய்தி. அதை விடாதீர்கள்.

கலந்து பேசுபவர்கள் ஒரே பொருளை இரண்டு மொழியிலும் சொல்வதுண்டு: 'இன்ட்ரஸ்ட், வட்டி, அதிகமாகும்'. கேட்பவருக்குப் புரியட்டும் என்று வேண்டுமென்றே சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். வாய் தவறி ஒன்றைச் சொல்லி மற்றதற்கு மாறியிருந்தால் இரண்டாவது போதும். குரலில் ஏற்ற இறக்கத்தைக் கேட்டால் எது எது என்று தெரிந்துவிடும்.

எண்களுக்கு இலக்கம் பெரிய வசதி. 'செவன் ஃபிஃப்டி' என்று சொன்னாலும் 'எழுநூத்தி அம்பது' என்று சொன்னாலும் 750 என்றே எழுதலாம், எந்த மொழிக்காரரும் படிப்பார். 'நைன் பாயிண்ட் ஃபைவ் பெர்சென்ட்' என்பதற்கு 9.5%. ஆனால் 'ஒன் மினிட் இருங்க' என்பதில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, அதைச் சொல்லாகவே விடுங்கள்.

நீளத்தை எப்படி அளப்பது

ஆங்கிலக் கேப்ஷனுக்கு ஒரு வரிக்கு 42 எழுத்து என்ற அளவு பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது. அதை அப்படியே தமிழுக்கு எடுத்துக்கொண்டால் இரண்டு விதத்தில் ஏமாற்றும்.

யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்து பல சமயம் இரண்டு குறியீடுகளால் ஆனது. 'ர்' என்பது ர ஒன்று, புள்ளி ஒன்று. மேலே உள்ள இரண்டாவது கேப்ஷனின் முதல் வரியைக் கண்ணால் எண்ணினால், இடைவெளியோடு சேர்த்து 17. குறியீடுகளை எண்ணும் மென்பொருள் 27 என்று காட்டும். ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதும்போது ஸ், ட், ர் என்று மெய்யெழுத்துகள் அடுக்கி வருவதால் இந்த இடைவெளி இன்னும் கூடுகிறது. 'இன்ட்ரஸ்ட்' கண்ணுக்கு ஆறு எழுத்து, குறியீட்டில் பத்து. வேகம் அதிகம் என்று மென்பொருள் சிவப்பில் காட்டினால், அதைப் பார்த்துப் பயந்து வெட்டுவதற்கு முன் கண்ணால் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், தமிழ் எழுத்து அகலமானது. ஞ, ண, கோ எல்லாம் ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் 42 எழுத்தை ஒரே வரியில் நிரப்பினால் கைப்பேசியில் அது தானாகவே உடைந்து மூன்று வரியாகிவிடும், அதுவும் 'செக்'குக்கும் 'பண்ணிக்கோங்க'வுக்கும் நடுவில் உடையலாம். நான் வரிக்குக் கண்ணுக்குத் தெரியும் 25 எழுத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கேப்ஷனுக்கு இரண்டு வரி, குறைந்தது ஒரு நொடி, அதிகபட்சம் ஆறு நொடி. நேரம் போதுமா என்பதற்கு எளிய சோதனை: கேப்ஷனை வாய்விட்டு நிதானமாகப் படியுங்கள். முடிப்பதற்குள் மறைந்தால் போதவில்லை. அப்போது 'வந்து'களை விடுங்கள், அடுத்துப் பேச்சு இல்லையென்றால் கேப்ஷனை அரை நொடி நீட்டுங்கள்.

முழு ஆங்கில வாக்கியம் வந்தால்

நடுவில் அதிகாரி சட்டென்று முழுக்க ஆங்கிலத்துக்கு மாறுவார். இப்போது எலும்புக்கூடே ஆங்கிலம். அதைத் தமிழ் எழுத்தில் 'அண்ட் தட் இஸ் வெரி இம்பார்ட்டண்ட்' என்று எழுதினால் இரண்டு மொழியும் தெரிந்தவர்கூட உதடு அசைத்துத்தான் படிப்பார். 'தட்', 'இஸ்' மாதிரிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் பார்த்து யாருக்கும் பழக்கமில்லை. எனவே நாலைந்து சொல்லுக்கு மேல் ஆங்கில இலக்கணத்தோடு வந்தால் ஆங்கில எழுத்துக்கு மாறுங்கள். மாறும் இடத்தில் கேப்ஷனையும் உடையுங்கள், ஒரே வரியில் இரண்டு எழுத்தும் வராதபடி:

```
5
00:00:14,600 --> 00:00:16,400
And that is very important.

6
00:00:16,500 --> 00:00:18,900
அதனால முன்னாடியே
பார்த்து வெச்சுக்கோங்க.
```

'தேங்க் யூ', 'நோ ப்ராப்ளம்', 'ஓகே ஃபைன்' போன்றவை இதில் சேராது. அவை தமிழ்ப் பேச்சில் ஊறிப்போனவை, தமிழ் எழுத்தில்தான் சுகமாக இருக்கும். உங்கள் பார்வையாளர்களில் ஆங்கிலம் படிக்காதவர்கள் அதிகம் என்றால் முழு ஆங்கில வாக்கியத்துக்குத் தமிழில் பொருள் எழுதலாம். ஆனால் அதைச் சாய்வெழுத்திலோ அடைப்புக்குறியிலோ வேறுபடுத்திக் காட்டிவிடுங்கள். பேசியது இது அல்ல என்று உதட்டைப் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்.

கோப்பும் எழுத்துருவும்

`.srt` கோப்பை `UTF-8` என்ற குறியாக்கத்தில் சேமியுங்கள். வேறு எதிலாவது சேமித்தால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் கட்டமும் வரலாம். யூடியூபில் ஏற்றும்போது மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள், உள்ளே ஆங்கிலச் சொற்கள் எத்தனை இருந்தாலும்.

வீடியோவின் மேலேயே எழுத்தைப் பதிப்பவர்கள் கவனிக்க வேண்டியது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருப்பவை. ஆகவே பாமினியில் இருக்கும் வரிக்குள் `Submit` என்று தட்டினால் அது தமிழ் எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். கலந்து எழுதும் வேலைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருதான் சரி. சில எடிட்டிங் மென்பொருளில் 'கெ' என்று தட்டினால் கொம்பு பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டத்தோடு தனியாக விழும். எழுத்து அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதை இயக்கினால் சரியாகிவிடும். 'கொடுக்கிறோம்', 'ஸ்ட்ரீட்', 'கௌதம்' என்று மூன்று சொல்லைத் தட்டிப் பார்த்தபின் வேலையைத் தொடங்கலாம்.

ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்

நீங்களே சோதித்தால் தெரியாது, உங்களுக்கு வாக்கியம் மனப்பாடம் ஆகியிருக்கும். வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் கைப்பேசியில் ஒலியில்லாமல் ஓடவிட்டுக் கொடுங்கள். காதுகேளாத ஒருவர் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. முடிந்ததும் 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'லோன் அப்ளை பண்றதுக்கு முன்னாடி எதைப் பார்க்கச் சொன்னார்? எவ்வளவுக்குக் கீழே போனால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள்.

பார்க்கும்போது அவர் எங்கே நிறுத்தி, பின்னால் இழுத்துப் பார்க்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் இருக்கும் கேப்ஷனை எடுத்துப் பார்த்தால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: வினை இரண்டாக உடைந்திருக்கும், ஒரு சொல்லின் எழுத்துமுறை பட்டியலை விட்டு விலகியிருக்கும், அல்லது இரண்டு பொருள் தரும் சொல் தனியாக நிற்கும். எழுத்துமுறைதான் சிக்கல் என்றால் அந்த ஒரு கேப்ஷனை மட்டும் திருத்திவிட்டுப் போகாதீர்கள். முதலில் பட்டியலில் திருத்துங்கள், அப்புறம் கோப்பு முழுக்கத் தேடி மாற்றுங்கள். தேடும்போது உருபு சேர்ந்த வடிவங்களும் கிடைக்கும்படி 'இண்ட்ர' என்று சொல்லின் முன்பாதியை மட்டும் கொடுங்கள்.